ஒன்றரை வட்டியும் திர்ஹம் வரைபடமும்: 2025 தொடக்கத்தில் ஒரு பணம் அனுப்பல்

ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக வேலை செய்யும் ஒருவரின் கணக்கு இது. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். நான் வேலை செய்யும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குச் சம்பளச் சீட்டு விஷயமாக வந்து பழக்கமானவர், நான் அண்ணன் என்று அழைப்பவர். பெயரும் ஊரும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு, தன் எண்களை எழுத அனுமதித்தார். வளைகுடாவில் ரூபாயின் வரைபடத்தைப் பார்த்துப் பணம் அனுப்பும் நாளைத் தீர்மானிக்கும் பலருக்கும், இன்றே அனுப்புவதா, விலை ஏறும்வரை காத்திருப்பதா என்ற கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் வரைபடத்தில் கிடைக்காது, அடகுச் சீட்டில்தான் கிடைக்கும் என்பதை அவருடைய எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

2025 பொங்கல் நாளில் அவர் கையில் 12,000 திர்ஹம் இருந்தது. ஊருக்குப் போகாமல் விடுமுறைச் சம்பளத்தையும் டிக்கெட் பணத்தையும் வாங்கிச் சேமிப்போடு சேர்த்த தொகை. ஊரில் தங்கையின் திருமணத்துக்காக மனைவியின் நகைகளை அடகு வைத்து வாங்கிய கடன் 2,80,000 ரூபாய். தனியார் அடகுக்கடை, ஒன்றரை வட்டி. அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றரை ரூபாய், மொத்தக் கடனுக்கு மாதம் 4,200 ரூபாய். ஜனவரி நடு வரையிலான வட்டியை அவர் ஏற்கெனவே கட்டிவிட்டார். அன்று அவர் வழக்கமாகப் போகும் எக்ஸ்சேஞ்ச் கடையில் ஒரு திர்ஹத்துக்கு 23 ரூபாய் 51 பைசா கொடுத்தார்கள். அனுப்பும் கட்டணம் 23 திர்ஹம், அதன்மேல் 5 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி. கட்டணம் போக மீதியை அன்றே அனுப்பியிருந்தால் ஊரில் 2,81,500 ரூபாய் வந்திருக்கும். எல்லா நகையும் மீண்டிருக்கும், கையில் ஆயிரத்தைந்நூறு மிஞ்சியிருக்கும்.

அவர் அனுப்பவில்லை. "படத்தைப் பாருங்கள் தம்பி, ஏணி மாதிரி ஏறுகிறது. இந்த நேரத்தில் யாராவது அனுப்புவார்களா?" என்று கைபேசியைக் காட்டினார்.

அவர் காட்டிய படத்தில் பொய் எதுவும் இல்லை. திர்ஹம்-ரூபாய்க் கோடு உண்மையிலேயே மூன்று மாதமாக ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் கோட்டின் பெயரில் 'திர்ஹம்' என்று இருந்தாலும் அதில் திர்ஹத்தின் பங்கு எதுவும் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் நாணயம் 1997 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725 திர்ஹம் என்ற அளவில் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே திர்ஹம்-ரூபாய்ப் படம் என்பது டாலர்-ரூபாய்ப் படத்தை 3.6725 ஆல் வகுத்தது மட்டுமே. டாலர் 86 ரூபாய் 60 பைசா என்றால் திர்ஹம் 23 ரூபாய் 58 பைசா. சவூதி ரியாலுக்கு 3.75, கத்தார் ரியாலுக்கு 3.64 என்று எண்தான் மாறும், கதை அதேதான். துபாயின் வணிகம், அமீரகத்தின் செய்தி ஆகியவற்றை வைத்து இந்தக் கோட்டை ஊகிப்பது வீண். இதை அசைப்பவை டாலரும் ரூபாயும், இரண்டுக்கும் நடுவே நிற்கும் இந்திய ரிசர்வ் வங்கியும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே உள்ளூர் நாணயமும் தனியாக அசைகிறது.

ரிசர்வ் வங்கியின் கை அந்தப் படத்தில் எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அண்ணனின் ஊகம் தடுமாறியது அங்கேதான். 2023 தொடக்கத்திலிருந்து 2024 அக்டோபர் வரை டாலர் ஏறத்தாழ 81 ரூபாய்க்கும் 84 ரூபாய்க்கும் இடையிலேயே இருந்தது. ஏறினால் ரிசர்வ் வங்கி தன் கையிருப்பு டாலரை விற்றது, இறங்கினால் வாங்கியது. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பிறகு 2024 அக்டோபரில் 84ஐத் தாண்டியது, டிசம்பரில் 85ஐத் தாண்டியது. அந்த மாதம்தான் ரிசர்வ் வங்கியின் ஆளுநர் பொறுப்பிலிருந்து சக்திகாந்த தாஸ் விலகி, சஞ்சய் மல்ஹோத்ரா வந்தார். ஜனவரி 13ஆம் நாள் ஒரே நாளில் அரை ரூபாய்க்கு மேல் நகர்ந்து 86 ரூபாய் 50 பைசாவைக் கடந்தது. நீண்ட நாள் அசையாமல் கிடந்த கோடு திடீரென்று எழுந்து நின்றால், பார்ப்பவருக்கு இனி அது நிற்காது என்றே தோன்றும். உண்மையில் அந்தப் படம் சொன்னது இவ்வளவுதான்: அழுத்திப் பிடித்திருந்த கை சற்றுத் தளர்ந்திருக்கிறது. எவ்வளவு தூரம் விடும், எந்த நாளில் மறுபடி பிடிக்கும் என்பது படத்தில் எங்கும் எழுதப்படவில்லை.

கைபேசிப் படத்தின் இன்னொரு இயல்பும் இங்கே வேலை செய்தது. இடப்பக்க அளவுகோல் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. அந்த மாதத்தின் மிகக் குறைந்த விலையிலிருந்து மிகக் கூடிய விலை வரைதான் காட்டும். அதனால் பத்துப் பைசா அசைவும் படத்தில் மலையாக நிற்கும். பத்துப் பைசாவுக்கு அண்ணனின் முழுத் தொகையில் கிடைப்பது 1,200 ரூபாய். அவருடைய அடகுக் கடனுக்கு ஒன்பது நாள் வட்டிகூட அல்ல. படத்தைப் பார்க்கும்போது கோட்டின் சரிவைப் பார்க்காமல், இரு ஓரங்களின் எண்களை எடுத்துக் கழித்து, அனுப்பும் தொகையால் பெருக்கிப் பார்த்தால் இந்த மயக்கம் கலைந்துவிடும்.

இனி நடந்ததைப் பார்ப்போம். பிப்ரவரி 3ஆம் நாள், கனடா, மெக்சிகோ மீது அமெரிக்கா வரி அறிவித்த சூட்டில், டாலர் 87 ரூபாயைத் தாண்டியது. அண்ணன் சரியாகத்தான் கணித்திருக்கிறார் என்று அறையில் எல்லாரும் பேசினார்கள். பிப்ரவரி 10ஆம் நாள் பகலில் 87 ரூபாய் 95 பைசா வரை போனது. அன்றைய வரலாற்று உச்சம் அது. திர்ஹத்தின் படத்தில் அது 23 ரூபாய் 95 பைசா. அவர் 24ஐக் குறிவைத்துக் காத்திருந்தார். அன்று மாலைக்குள் டாலர் 87 ரூபாய் 50 பைசா அருகே இறங்கி முடிந்தது. மறுநாள் ரிசர்வ் வங்கி சந்தையில் பலமாக டாலர் விற்க, 86 ரூபாய் 80 பைசா அளவுக்கு வந்தது. மாத இறுதியில் மீண்டும் 87 ரூபாய் 50 பைசாவைத் தொட்டு நம்பிக்கை கொடுத்தது. மார்ச் மாதத்தில் உலகம் முழுவதும் டாலர் வலுவிழந்தது, வெளிநாட்டு முதலீடும் இந்தியாவுக்குத் திரும்பியது. மார்ச் 28, நிதியாண்டின் கடைசி வணிக நாளில், டாலர் 85 ரூபாய் 47 பைசா அளவில் முடிந்தது. அடகுக்கடையிலிருந்து தவணை முடிகிறது என்று வீட்டுக்குச் செய்தி வந்திருந்தது. அவர் அந்த நாளில் அனுப்பினார். கடையில் கிடைத்தது 23 ரூபாய் 20 பைசா.

ஊருக்கு வந்து சேர்ந்த தொகை 2,77,840 ரூபாய். பொங்கல் நாளில் அனுப்பியிருந்தால் வந்திருக்கும் தொகையைவிட ஏறத்தாழ 3,700 ரூபாய் குறைவு. இதைத்தான் எல்லாரும் நட்டம் என்றார்கள். பெரிய நட்டம் வேறு இடத்தில் இருந்தது. ஜனவரி 14 முதல் மார்ச் 28 வரை 73 நாள் வட்டி, நாள் கணக்கில் பார்த்தாலே 10,220 ரூபாய். தொடங்கிய மாதத்துக்கு முழு வட்டி வாங்கும் கடையாக இருந்தால் 12,600. நாள் கணக்கு வட்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டியது 2,90,220 ரூபாய், வந்தது 2,77,840. பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் துண்டு விழுந்தது. மூன்று அடகுச் சீட்டில் இரண்டைத்தான் மீட்க முடிந்தது. ஒரு சங்கிலி அடுத்த சம்பளம் வரை கடையிலேயே இருந்தது.

அவர் நேரம் தவறிவிட்டார், பிப்ரவரி 10ஆம் நாள் அனுப்பியிருந்தால் லாபம்தானே என்று யாரும் கேட்கலாம். அறையிலும் அப்படித்தான் கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று பகலின் மிக உயர்ந்த நொடியில் படத்தின் விலையில் கடை தன் வழக்கமான ஏழு பைசாவை எடுத்துக்கொண்டு 23 ரூபாய் 88 பைசா கொடுத்திருந்தால், பொங்கல் நாளைவிட 37 பைசா கூடுதல். 12,000 திர்ஹத்துக்கு 4,440 ரூபாய். அந்த 27 நாளின் வட்டி 3,780 ரூபாய். மிச்சம் 660 ரூபாய். வரலாற்று உச்சத்தை நொடி தவறாமல் பிடித்தவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய முழு லாபம் அவ்வளவுதான். அதே நாள் மாலை முடிவு விலையில் அனுப்பியிருந்தால் கூடுதல் வருவாய் 2,900 ரூபாயைத் தாண்டாது. வட்டிக்குப் போன பணத்தைவிட அது குறைவு. ஆகவே அவர் நேரம் தவறியதால் தோற்கவில்லை. வெல்லக்கூடிய நேரமே அந்தக் காலத்தில் ஏறத்தாழ இல்லை.

"டாலர் 90 வரும் என்று சொன்னேன், வந்துவிட்டதே" என்று அவரே பின்னால் கேட்டார். அதுவும் உண்மை. ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரியை நடைமுறைப்படுத்திய சில நாளில் டாலர் 88ஐத் தாண்டியது. 2025 டிசம்பர் 3ஆம் நாள் 90ஐத் தாண்டியது. பொங்கலுக்கு அவர் சொன்ன திசை சரி, எண்ணும் சரி. ஆனால் அதற்கு நடுவே மே 2ஆம் நாள் ஒரு கட்டத்தில் 83 ரூபாய் 76 பைசாவுக்கு இறங்கிவிட்டு வந்தது. டிசம்பர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தால், திர்ஹத்துக்கு 93 பைசா கூடுதலாக, மொத்தம் 11,000 ரூபாய் அளவுக்குக் கிடைத்திருக்கும். அந்தப் பத்தரை மாதத்தின் வட்டி 44,000 ரூபாய்க்கு மேல். கணிப்பில் முழு வெற்றி, கையில் 33,000 ரூபாய் நட்டம்.

இதிலிருந்து எடுக்க வேண்டியது ஒரு சிறு பெருக்கல் மட்டுமே. இன்று கடை கொடுக்கும் விலையை ஊரில் ஓடும் மாத வட்டியால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். 23.51ஐ ஒன்றரையால் பெருக்கி நூறால் வகுத்தால் 35 பைசா. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் திர்ஹம் 35 பைசா ஏறினால்தான் அவர் இருந்த இடத்திலேயே இருப்பார். அதற்கு மேல் ஏறுவதுதான் லாபம். இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 47 பைசா ஏற வேண்டும். மாதம் 35 பைசா என்றால் ஆண்டுக்கு 18 விழுக்காடு. 2025 வரையிலான பத்து ஆண்டுகளில் ரூபாய் டாலருக்கு எதிராகச் சராசரியாக ஆண்டுக்கு மூன்று நான்கு விழுக்காடுதான் இறங்கியிருக்கிறது. 2013 கோடையில் 55 ரூபாயிலிருந்து ஆகஸ்ட் இறுதிக்குள் 68 ரூபாய்க்கு மேல் போனதுபோல ஒரு காலம் வந்தால் மட்டுமே வட்டியை முந்த முடியும். அப்படி ஒரு காலம் தொடங்கும் நாளை அந்த நாளிலேயே அடையாளம் காட்டிய படம் எதையும் நான் கண்டதில்லை.

வட்டி இல்லாத பணத்துக்கு இந்தக் கணக்கு மாறுமா என்றால், அளவு மாறும், திசை பெரும்பாலும் மாறாது. வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ வைப்புக் கணக்கில் ஓராண்டுக்குக் குறையாமல் பணத்தைப் போட்டால் வட்டி கிடைக்கும், அந்த வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. ஆண்டுக்கு ஏழு விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், மாதம் 14 பைசா. அனுப்பாமல் இங்கே சம்பளக் கணக்கிலேயே வைத்திருப்பவர் அந்த 14 பைசாவை ஒவ்வொரு மாதமும் விட்டுக்கொடுக்கிறார். ரூபாயின் சராசரி இறக்கம் அதில் பாதியைத்தான் திருப்பித் தருகிறது. வங்கியின் நகைக்கடன் ஆண்டுக்கு ஒன்பது விழுக்காடு என்றால் இதே எண் 18 பைசா. ஆகவே அடகுக்கடைக் கடனை வங்கிக்கு மாற்ற முடிந்தால், அந்த ஒரு செயலே மாதம் 17 பைசாவுக்குச் சமம். எந்த உச்சத்தையும் பிடிக்காமல் கிடைக்கும் தொகை அது. அடகுக்கடையில் இருந்த சங்கிலியை அண்ணன் மீட்ட பிறகு, பள்ளிக் கட்டணத்துக்காக மீண்டும் அடகு வைக்க நேர்ந்தபோது, அவருடைய மனைவி நேராக வங்கிக்குத்தான் போனார்.

காத்திருப்பது நியாயமாகும் நேரமும் உண்டு. ஊரில் கடனும் இல்லை, வைப்பு நிதிக்கும் போகாது, இரண்டு வாரம் கழித்துக் கொடுக்க வேண்டிய கட்டட வேலைக்கான பணம் என்றால், சில நாள் பார்ப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை. அப்போதும் தொகையைத் துண்டு துண்டாக அனுப்பிச் சராசரி பிடிக்கலாம் என்று சிலர் செய்வதை நான் ஏற்க மாட்டேன். கட்டணம் தொகையைப் பார்த்து வாங்கப்படுவதில்லை, ஒவ்வொரு முறைக்கும் வாங்கப்படுகிறது. வரியோடு 24 திர்ஹம் 15 ஃபில்ஸ் என்றால், 12,000 திர்ஹத்தை ஒரே முறை அனுப்பும்போது திர்ஹத்துக்கு ஐந்து பைசா கூட விழாது. அதையே மூவாயிரமாக நான்கு முறை அனுப்பினால் திர்ஹத்துக்கு 19 பைசா விழுகிறது. நான்கு முறைக்கும் சேர்த்துக் கூடுதல் செலவு 1,700 ரூபாய். விலை ஏறி இறங்குவதிலிருந்து தப்பிக்கக் கொடுக்கும் இந்த விலை அதிகம்.

படத்துக்கும் கடைக்கும் உள்ள இடைவெளியையும் கவனிக்க வேண்டும். கைபேசிப் படம் காட்டுவது வங்கிகள் தமக்குள் வாங்கி விற்கும் நடுவிலை. அந்த விலை நமக்கு எங்கும் கிடைக்காது. அண்ணனின் கடையில் இடைவெளி ஏழு பைசா. 'கட்டணமே இல்லை' என்று சொல்லும் செயலியில் அது இன்னும் அகலமாக இருக்கலாம், கட்டணத்தை அங்கே விலையிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். ஒப்பிட ஒரே வழி, ஊரில் சேரும் மொத்த ரூபாயை, கட்டணத்தோடு இங்கே கையைவிட்டுப் போகும் மொத்தத் திர்ஹத்தால் வகுத்துப் பார்ப்பது. பொங்கல் நாளில் அண்ணனுக்கு அது 23 ரூபாய் 46 பைசா. இந்த எண்ணை மட்டும் கடைக்குக் கடை கேட்டு எழுதிக்கொண்டால் போதும்.

நேரமும் இந்த இடைவெளியை மாற்றும். இந்தியாவில் வங்கிகளுக்கு இடையிலான டாலர் சந்தை காலை 9 மணி முதல் பிற்பகல் 3.30 வரை நடக்கிறது. அமீரக நேரத்தில் அது காலை 7.30 முதல் பிற்பகல் 2 மணி வரை. அதன் பிறகும் சனி, ஞாயிறும் இந்தியச் சந்தையில் ரூபாய்க்குப் புதிய விலை பிறப்பதில்லை. அந்த நேரத்தில் கடைக்காரர் திங்கட்கிழமை என்ன ஆகுமோ என்ற அச்சத்துக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார். வேலை முடிந்து சனிக்கிழமை இரவு கூட்டத்தில் நின்று அனுப்புவதைவிட, வேலைநாளில் மதிய உணவு இடைவேளையில் கைபேசி வழியாகவே அனுப்பிவிடலாம். அண்ணன் இப்போது அப்படித்தான் செய்கிறார். கடைசியாக அனுப்பியபோது இரண்டு கடையிலும் ஒரு செயலியிலும் விசாரித்தார். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஆறு பைசா வித்தியாசம் இருந்தது. கூடக் கொடுத்த கடையில், பிற்பகல் இரண்டு மணிக்கு முன்பே அனுப்பினார்.